பில்லில் ஏறாத நம்பர்

ஒரே மாடல் ஹார்டு டிஸ்க் நான்கை மேசைமேல் வைத்தால், எது எதுவென்று விற்ற கடைக்காரராலேயே சொல்ல முடியாது. பிரித்துக் காட்டுவது ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும் சீரியல் நம்பர் ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சிசிடிவி கேமரா விற்று மாட்டிக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். 2022 ஜூன் மாதம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான்கு ஹார்டு டிஸ்க் கொடுத்தார். பில்லில் மாடல் பெயர், எண்ணிக்கை 4, தொகை, அவ்வளவுதான். 2025 மார்ச்சில் ஒரு டிஸ்க் படுத்துவிட்டது. மூன்று வருட வாரண்டியில் இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மண்டபத்து மேனேஜர் அதைக் கழற்றி எடுத்து வந்தார். கம்பெனியின் இணையதளத்தில் நம்பரைத் தட்டிப் பார்த்தால், வாரண்டி ஜனவரியிலேயே முடிந்துவிட்டதாக வந்தது.

கம்பெனி ஏமாற்றவில்லை. அந்த டிஸ்க் தன் கிடங்கிலிருந்து டீலருக்குக் கிளம்பிய தேதி மட்டும்தான் கம்பெனியின் கணக்கில் இருக்கிறது. அது 2022 ஜனவரி. அதற்குப் பிறகு ஐந்து மாதம் அலமாரியில் கிடந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வாங்கிய பில்லைக் காட்டினால் பல கம்பெனிகள் தேதியைத் திருத்தித் தருகின்றன. ஆனால் அந்த பில்லில் இதே சீரியல் நம்பர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அதே மாடலில் எந்த டிஸ்கை நீட்டினாலும் அந்த பில் பொருந்திவிடுமே!

கடைக்காரருக்கு இன்னொரு பக்கமும் அடைபட்டது. அந்த நான்கில் இரண்டை ஒரு டீலரிடமும் மற்ற இரண்டை வேறொரு டீலரிடமும் வாங்கியிருந்தார். "அண்ணே, இது நம்ம பில்லுல வந்த சரக்குதானா? நம்பர் இருந்தா காட்டுங்க, கம்பெனிகிட்ட பேசுறேன்" என்றார் முதல் டீலர். இரண்டாமவர் சொன்னதும் அதேதான். இருவர் கேட்டதும் நியாயம். கடைசியில் தன் கைக்காசைப் போட்டுப் புது டிஸ்க் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அவர் கடையில் ஒரு சாமான் இரண்டு முறை ஸ்கேனருக்குக் கீழே போகிறது. சரக்கு வந்து இறங்கும்போது டீலரின் பில்லோடு சேர்த்து ஒரு முறை, விற்கும்போது வாடிக்கையாளரின் பில்லோடு இன்னொரு முறை. இரண்டு ஆண்டு கழித்து ஒரு நம்பரைத் தட்டினால் யாரிடம் வாங்கியது, யாருக்கு, எந்தத் தேதியில் போனது என்று எல்லாம் ஒரே வரியில் வருகிறது.

ஸ்கேன் செய்வதிலும் கோட்டை விட இடமுண்டு. பெட்டியில் பெரும்பாலும் மூன்று நான்கு பார்கோடு இருக்கும். அதில் 13 இலக்கம் கொண்ட ஒன்று பொருளின் பொதுக் குறியீடு. அந்த மாடலின் எல்லாப் பெட்டிகளிலும் அதே எண்தான். அவசரத்தில் கடைப் பையன் அதை ஸ்கேன் செய்துவிட்டால், ஏதோ ஒரு நம்பர் ஏறியிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு சாமானுக்கு ஒரே நம்பர் வந்தால் ஏற்காதபடியும், இருப்பில் இல்லாத நம்பரை விற்க விடாதபடியும் பில்லிங் மென்பொருளில் அமைத்துவிட்டால் இந்தத் தவறு அங்கேயே பிடிபடும். கையால் அடிக்கும்போது ஓ என்ற எழுத்தைச் சுழியமாகவும், பி என்ற எழுத்தை எட்டாகவும் படித்துவிடுவதும் இதே தடையில் சிக்கிக்கொள்ளும்.

இந்தத் தடையில் சிக்காத தவறு, பெட்டி மாறிப்போவது. நான்கு போனைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்ப வைக்கும்போது ஒன்றின் பெட்டிக்குள் இன்னொன்று போய்விடும். இரண்டு நம்பரும் இருப்பில் இருப்பதால் மென்பொருள் வாய் திறக்காது. பெட்டியை விட்டுவிட்டு சாமானில் உள்ள நம்பரைப் பார்த்துதான் பில் போட வேண்டும்.

மாற்றிக் கொடுக்கும்போதுதான் பல கடைகளில் சங்கிலி அறுகிறது. கம்பெனி வேறு டிஸ்க் அனுப்பினால் அதற்கு வேறு நம்பர். அதை முதல் பில்லின் கீழேயே, பழைய நம்பருக்குப் பதில் வந்தது என்று தேதியோடு ஏற்ற வேண்டும். பெரும்பாலும் பழைய வாரண்டியில் மிஞ்சிய காலம்தான் புதியதற்கும் கிடைக்கும். அதைக் கணக்கிட முதல் பில்லின் தேதி வேண்டும். ஏற்றாமல் விட்டால், அதுவும் பழுதாகும் நாளில், நாம் விற்றதாகவே எங்கும் பதிவிருக்காது.

வாங்குகிறவர்களுக்கு இதில் இரண்டு நிமிட வேலை இருக்கிறது. போன் என்றால் `*#06#` அழுத்துங்கள்; திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் பெட்டியிலும் பில்லிலும் அப்படியே இருக்கிறதா பாருங்கள். மற்ற சாமான்களுக்கு அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பில்லில் நம்பர் இல்லையென்றால் கடையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்துவிட்டுப் படி இறங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.