ஒரு லைசென்ஸ் மிச்சம்

திருச்சியில் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவரின் அலுவலகத்தில் அவரையும் சேர்த்து 14 பேர். மெயில், எக்செல், ஆன்லைன் ஃபைல் எல்லாவற்றுக்கும் மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கிறார்கள். வாங்கியபோது அவர் போட்ட ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டினார். கணக்கு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. பிளான் பெயர், ஆளுக்கு மாதம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று மூன்றே கட்டங்கள். ஜி.எஸ்.டி. வேலை பார்க்கும் மூன்று பேருக்கும் சேர்த்து gst@ என்று ஒரே லாகின். வாடிக்கையாளர் மெயில் வந்து விழ info@ என்று இன்னொன்று. ஆக, 13 லைசென்ஸ்.

போன செப்டம்பர் 2-ஆம் தேதி ஒரு வாடிக்கையாளர் கோபமாக வந்து உட்கார்ந்தார். தன்னுடைய கணக்கு விவர ஃபைல் ஒன்றுக்கான லிங்க், தொழில் போட்டியாளர் ஒருவருக்குப் பிப்ரவரி 20-ஆம் தேதி மெயிலில் போயிருக்கிறது என்று ஆதாரத்தோடு வந்திருந்தார். ஆடிட்டர் எனக்குப் போன் செய்தார். “தம்பி, கம்ப்யூட்டர்ல எல்லாம் பதிவாகுமாமே. யார் அனுப்பினதுன்னு பார்த்துச் சொல்லிடலாம்ல?”

பதிவாகத்தான் செய்கிறது. யார், எப்போது, எந்த ஃபைலை, என்ன செய்தார் என்று வரி வரியாக எழுதிவைக்கும் அந்தக் குறிப்பேட்டுக்கு ஆடிட் லாக் என்று பெயர். ஆனால், சிறு அலுவலகங்கள் வாங்கும் மூன்று பிசினஸ் பிளான்களிலும் அது 180 நாள்தான் நிற்கும். செப்டம்பர் 2-லிருந்து 180 நாள் பின்னால் எண்ணினால் மார்ச் 6 வருகிறது. லிங்க் போனது 194 நாளுக்கு முன்னால். அதை உருவாக்கிய வரி, அதாவது திரையில் `AnonymousLinkCreated` என்று வரவேண்டிய வரி, அழிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதே லிங்க்கை வெளியாள் திறந்ததைக் காட்டும் `AnonymousLinkUsed` மட்டும் மார்ச், ஏப்ரலில் நாலைந்து இடத்தில் இருந்தது. வீட்டுக்குள் ஆள் வந்துபோனது தெரிகிறது, சாவி கொடுத்தது யார் என்று தெரியவில்லை.

வரி அழியாமல் இருந்திருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது என்பதுதான் இதில் எனக்கு உறுத்தியது. அந்த ஃபைல் இருந்தது ஜி.எஸ்.டி. மேசையின் ஃபோல்டரில். மார்ச்சுக்குப் பிறகு அதில் நடந்த வேலைகளையெல்லாம் பார்த்தேன். User என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் gst@ என்றே இருந்தது. அந்த லாகின் மூன்று பேர் கையில் இருந்தது. அதில் ஒருவர் மார்ச்சிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை.

ஆள் எண்ணிக்கை, நிர்வாகக் கட்டுப்பாடு, லாக் என்று மூன்றையும் அட்டவணையில் தனித்தனி வரிசையாக எழுதுகிறோம். நடைமுறையில் முதல் வரிசையில் செய்த சிக்கனம் மூன்றாவது வரிசையில் போய் அடிக்கிறது. இத்தனைக்கும் இவர் எவ்வளவு மிச்சம் பிடித்தார்? மைக்ரோசாஃப்டில் info@, gst@ போன்ற பொது முகவரிகளை ஷேர்டு மெயில்பாக்ஸாக வைத்துக்கொண்டால் 50 ஜி.பி. வரை லைசென்ஸே வேண்டாம். அவரவர் சொந்த லாகினில் நுழைந்து அந்தப் பெட்டியைத் திறக்கலாம். பதில் அனுப்பினால் அனுப்பியவர் பெயர் லாகில் விழும். அப்படிச் செய்திருந்தால் ஆளுக்கு ஒன்றாக 14 லைசென்ஸ். இவர் வாங்கியது 13. சேமித்தது ஒன்றே ஒன்று.

அட்டவணையைத் திரும்பப் போட்டோம். எல்லாம் சேர்க்காமல் அந்த அலுவலகத்துக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

| | பேசிக் | ஸ்டாண்டர்ட் | பிரீமியம் |
|---|---|---|---|
| அதிகபட்ச ஆட்கள் | 300 | 300 | 300 |
| கம்ப்யூட்டரில் நிறுவும் எக்செல் | இல்லை | உண்டு | உண்டு |
| இடம், கருவி பார்த்து லாகினைத் தடுப்பது | இல்லை | இல்லை | உண்டு |
| ஆடிட் லாக் | 180 நாள் | 180 நாள் | 180 நாள் |
| விரிவான லாகின் பதிவு | 7 நாள் | 7 நாள் | 30 நாள் |

14 பேருக்கு முதல் வரிசையால் எந்தப் பயனும் இல்லை. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது என்னவோ அதைத்தான். இரண்டாவது வரிசை பணத்தை மிச்சப்படுத்தியது. எல்லாரும் ஒரே பிளானில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரவேற்பிலும் ஃபைலிங்கிலும் இருக்கும் ஐந்து பேருக்கு பிரவுசரில் திறக்கும் எக்செல்லே போதும் என்பதால் பேசிக். மற்ற ஒன்பது பேருக்கு ஸ்டாண்டர்ட். பிரீமியத்தை ஆடிட்டர் வேண்டாம் என்றார். இந்தியாவுக்கு வெளியிலிருந்து யாரும் நுழையக்கூடாது என்பது மாதிரியான விதி வேண்டுமென்றால் அதை வாங்கித்தான் ஆகவேண்டும். இரண்டாவது சரிபார்ப்பைப் போனில் கேட்பதை எல்லாருக்கும் கட்டாயமாக்க பேசிக்கே போதும்.

நிர்வாகக் கட்டுப்பாட்டில் விலைப்பட்டியலில் வராத ஒரு கேள்வியை நான் முதலில் கேட்பேன்: குளோபல் அட்மின் யார்? இங்கே அது ஆடிட்டரின் அன்றாட மெயில் லாகின். போதாக்குறைக்கு, முதலில் செட்டப் செய்துகொடுத்த கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரிடமும் அதே பாஸ்வேர்டு இருந்தது. அட்மினுக்கென்று தனி லாகின் வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. அப்படி இரண்டு உருவாக்கி, ஒன்றின் பாஸ்வேர்டை உறையில் போட்டு பீரோவில் வைத்தாயிற்று. ஆபீஸ் மேனேஜருக்கு Audit Reader என்ற பொறுப்பு மட்டும் கொடுத்தோம். லாகைத் தேடிப் பார்க்கலாம், வேறெதையும் தொட முடியாது.

லாக் ஓடுகிறதா என்பதையும் கையோடு பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் தானாகவே ஓடும், சில கணக்குகளில் அணைந்து கிடக்கும். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பவர்ஷெல்லில் இதைக் கொடுத்தால் தெரிந்துவிடும்:

```
Get-AdminAuditLogConfig | Format-List UnifiedAuditLogIngestionEnabled
```

`True` என்று வரவேண்டும். `False` என்றால் இப்போது நடப்பது எதுவும் பதிவாகவில்லை. இன்றைக்கு இயக்கினால் இன்றிலிருந்துதான் சேரும்.

180 நாள் என்பதே அண்மையில் வந்ததுதான். 2023 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மெயில்களை யாரோ படிப்பதை அந்தத் துறையே கண்டுபிடித்தது. கண்டுபிடிக்க உதவிய `MailItemsAccessed` என்ற பதிவு அப்போது கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது. பணம் கட்டாதவனுக்குத் திருடன் வந்ததே தெரியாதா என்று விமர்சனம் எழுந்தது. அதற்குப் பிறகுதான் மைக்ரோசாஃப்ட் பல பதிவுகளைக் கூடுதல் கட்டணமின்றித் திறந்துவிட்டது, 90 நாளை 180 ஆக்கியது. ஸ்லாக், நோஷன் போன்றவற்றில் ஆடிட் லாக் இன்றும் என்டர்பிரைஸ் பிளானில்தான். அவற்றுக்கு அட்டவணை போடுபவர்கள் அந்த வரிசையை மேலே எழுதிக்கொள்வது நல்லது. நம் நாட்டில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவும் நிறுவனங்கள் 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்கிறது.

ஆடிட்டருக்கு 180 போதவில்லை. வருமான வரிக் கேள்விகள் வருடம் கழித்து வருகிற தொழில் அது. அதனால் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, முந்தைய மாத லாகை மேனேஜர் சி.எஸ்.வி. ஃபைலாக இறக்கி, அவர் மட்டும் திறக்கக்கூடிய ஹார்ட் டிஸ்க்கில் போடுகிறார். ஒரு தடவைக்கு 50,000 வரி வரை இறங்கும். மாதக்கடைசியில் அதைத் தாண்டினால் வாரவாரமாகப் பிரித்து எடுக்கிறார்.

முதல் மாத ஃபைலைத் திறந்தவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். மாலை ஆறு மணிக்கே ஆபீஸைப் பூட்டிவிட்டோம், 10-ஆம் தேதி 18:40-க்கு `FileDownloaded` என்று வருகிறதே என்றார். நான் சொன்னேன், லாகில் இருப்பது யூ.டி.சி. நேரம், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள் என்று. கூட்டினால் நள்ளிரவு 12:10, தேதி 11. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, User கட்டத்தில் இருந்த பெயரைப் படித்தார். ஆடிட்டரேதான். மறுநாள் காலை ஹியரிங், வீட்டிலிருந்து இறக்கிப் படித்திருக்கிறார்.