நான்கு கடைக்கு ஒரே பில் வரிசையா?

மதுரையில் தலைமைக் கடை, திருநெல்வேலியிலும் காரைக்குடியிலும் கிளைகள், காரைக்காலில் புதிதாக ஒன்று என நான்கு கடைகள் வைத்திருக்கும் ஒரு ஜவுளி வியாபாரியை எடுத்துக்கொள்வோம். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. அதனால் அந்தக் கடைக்கு 34 என்று தொடங்கும் தனி ஜிஎஸ்டி எண் வாங்க வேண்டும். மற்ற மூன்று கடைகளுக்கும் 33 என்று தொடங்கும் ஒரே எண். சிக்கல் வருவது இந்த மூன்றில்தான்.

ஜிஎஸ்டி விதிகளில் 46ஆவது விதி, பில் எண் தொடர்ச்சியாக வர வேண்டும், 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் மறுபடி வரக் கூடாது என்கிறது. ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு ஆகியவற்றை மட்டுமே அதில் பயன்படுத்தலாம். மூன்று கடையிலும் ஏப்ரல் 1 அன்று தனித்தனியாக 1, 2, 3 என்று பில் போட்டால், ஒரே ஜிஎஸ்டி எண்ணின்கீழ் மூன்று முதலாம் எண் பில்கள் வந்துவிடும். மின் விலைப்பட்டியல் போடும் நிறுவனமாக இருந்தால் இரண்டாவது பில்லை அரசுத் தளமே திருப்பி அனுப்பிவிடும். சில்லறை விற்பனைக்கு அப்படித் தடுப்பார் இல்லை. தணிக்கை வரும்வரை பிழை வெளியே தெரியாமலே கிடக்கும்.

மூன்று கடைக்கும் பொதுவாக ஒரே வரிசை வைத்து, எல்லோரும் மதுரைக் கணினியிலிருந்து எண் வாங்கினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். இணையம் அறுந்த அரைமணி நேரத்தில் திருநெல்வேலியில் வாடிக்கையாளர் வரிசையில் நிற்பார்கள்; கையால் ஒரு எண் எழுதிக் கொடுத்து அனுப்பியாக வேண்டிவரும். அங்கேதான் எண் குழம்புகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. எனவே கிளைக்கு ஒரு வரிசை என்பதே சரியான வழி:

```
MDU/25-26/00001
TEN/25-26/00001
KKD/25-26/00001
```

எண்ணிப் பார்த்தால் 15 எழுத்துகள்தான். ஆண்டை 2025-26 என்று முழுதாக எழுதினால் 17 ஆகி, வரம்பைத் தாண்டிவிடும். ஒரே கிளையில் தனித்தனியாக இயங்கும் இரண்டு பில் கவுன்டர்கள் இருந்தால் `TN1`, `TN2` என்று பிரித்துவிடுங்கள். ஒரு வரிசைக்கு ஓர் இடத்திலிருந்து மட்டுமே எண் பிறக்க வேண்டும் என்பதுதான் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று.

வரிசை அறுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம், தவறான பில்லை அழித்துவிடுவது. மென்பொருளின் அமைப்பைப் பொறுத்து, அழித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். அந்த எண் இருந்த இடம் காலியாகும். அல்லது பின்னால் உள்ள எல்லா பில்களும் ஒரு எண் முன்னுக்கு நகரும். இரண்டாவதுதான் ஆபத்து. வாடிக்கையாளர் கையில் இருக்கும் தாளில் 00413 என்றிருக்க, உங்கள் கணக்கில் அதே பில் 00412 ஆகிவிடும். டாலி பிரைமில் `Renumber Vouchers` என்ற தேர்வு இதைத்தான் செய்கிறது. அதை `Retain Original Voucher No.` என்று மாற்றி வையுங்கள். பில்லை அழிக்காமல் ரத்து செய்யுங்கள்; எண் அதே இடத்தில், தொகை இல்லாமல் நிற்கும்.

ரத்தான பில்லுக்குக் கணக்குக் காட்டவும் இடம் இருக்கிறது. ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13ஆவது அட்டவணையில் ஒவ்வொரு வரிசையையும் தனி வரியாகத் தர வேண்டும். திருநெல்வேலியின் ஜூன் மாதப் பில்கள் 00412 முதல் 00655 வரை என்றால் மொத்தம் 244, ரத்து 3, நிகரம் 241. உங்கள் விற்பனைப் பதிவேட்டில் ஜூன் மாதம் 240 பில்தான் இருக்கிறது என்றால், ஒன்று எங்கோ அழிக்கப்பட்டிருக்கிறது. மாதாமாதம் இந்தக் கழித்தலைச் செய்து பார்ப்பவருக்கு ஆண்டு முடிவில் தேடல் இருக்காது. எந்தப் பில், யார் அழித்தார்கள் என்பது அந்த மாதமே நினைவில் இருக்கும்.

இனி மார்ச் 31. புதிய ஆண்டின் முன்னொட்டையும் ‘1 முதல் தொடங்கு’ என்ற கட்டளையையும் ஏப்ரல் 1 தேதியிட்டு மார்ச் மாதத்திலேயே எல்லாக் கிளைகளிலும் பதிந்துவிடலாம். மறந்துபோனால் ஏப்ரல் விற்பனை `TEN/25-26/` என்ற பழைய வரிசையிலேயே ஓடும். வாடிக்கையாளரிடம் போய்விட்ட பில்லின் எண்ணைத் திருத்த வழி இல்லை. கண்ட அன்றே புதிய வரிசையைத் தொடங்கி, அந்த மாத 13ஆவது அட்டவணையில் இரண்டு வரிசைகளையும் காட்ட வேண்டியதுதான். கணினியின் தேதி மார்ச்சிலேயே நின்றுபோவதும் உண்டு, அதையும் காலையில் ஒருமுறை பாருங்கள்.

மார்ச்சில் விற்ற புடவை ஏப்ரலில் திரும்பி வந்தால் பழைய பில்லைத் தொட வேண்டாம். வரவுக் குறிப்புக்குத் தனி வரிசை வைத்து, `TC/26-27/00001` என்று புது ஆண்டின் எண்ணில் போட்டு, அதற்குள் பழைய பில்லின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட வேண்டும்.