துடைப்பதற்கு முன் கழுவுங்கள்

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, டியூப்லைட் அதில் பிரதிபலிக்கும்படி சாய்த்துப் பாருங்கள். ஆன்டி-கிளேர் கோட்டிங் உள்ள லென்ஸ் என்றால் விளக்கின் பிம்பம் மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். அந்த நிறம் லென்ஸ் முழுக்க ஒரே சீராக இருந்தால் கோட்டிங் நலமாக இருக்கிறது. எங்காவது திட்டாக வெள்ளை பளிச்சிட்டால் அந்த இடத்தில் கோட்டிங் போய்விட்டது.

கோட்டிங் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 8 சதவீதத்தை இரு பக்கமுமாகச் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடும். இதைக் குறைக்கத்தான் சிலிக்கான், டைட்டானியம் போன்றவற்றின் ஆக்சைடுகளை வெற்றிட அறையில் ஆவியாக்கி, லென்ஸின் மேல் அடுக்கடுக்காகப் படியவைக்கிறார்கள். ஓர் அடுக்கின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எல்லா அடுக்குகளையும் சேர்த்தாலும் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதற்கும் மேலே, தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமலிருக்க இன்னும் மெல்லிய ஒரு பூச்சு இருக்கிறது.

புதிதாக ஆன்டி-கிளேர் வாங்கியவர்கள், பழைய கண்ணாடியைவிட இதில் கைரேகை அதிகம் தெரிகிறது என்று கடைக்காரரிடம் குறைப்படுவார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஒளி சரியாக அழிய வேண்டுமானால் அடுக்குகளின் தடிமன் துல்லியமாக இருக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை மேலே படிந்ததும் அந்தக் கணக்கு கெட்டு, அந்த இடம் மட்டும் ஒளியைத் திருப்பி அனுப்பத் தொடங்குகிறது. சுற்றியுள்ள பகுதி பளபளக்காததால் கறை இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. உலர்ந்த துணியால் தேய்த்தால் பசை போகாது, லென்ஸ் முழுக்கப் பரவி ஈஷிக்கொள்ளும்.

கீறல் விழுவதும் அந்த உலர்ந்த தேய்ப்பில்தான். தெருப் புழுதியில் மணல் துகள்கள் இருக்கின்றன. அவை லென்ஸ் பிளாஸ்டிக்கைவிடக் கடினமானவை. சட்டை நுனியோ முந்தானையோ, எதை வைத்துத் துடைத்தாலும் அந்தத் துகளை லென்ஸின் மேல் அழுத்தி இழுக்கிறோம். துணி மெத்தென்று இருப்பதால் மட்டும் இது மாறிவிடாது. அதனால் முதலில் குழாயைத் திறந்து, சாதாரணத் தண்ணீரில் லென்ஸின் இருபுறமும் புழுதி போக ஓடவிடுங்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பில் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். தேய்க்கும் துகள்களோ கையை மென்மையாக்கும் கிரீமோ கலந்த சோப்பு கூடாது. ஃபிரேமின் விளிம்பையும் மூக்குத் தாங்கியையும் விடாதீர்கள். வியர்வையும் தலை எண்ணெயும் அங்கேதான் தேங்கும். சோப்பு போக அலசி, உதறி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். போர்வெல் தண்ணீரென்றால் தானாகக் காயவிடக் கூடாது, உப்பு வெள்ளைப் புள்ளியாகப் படிந்துவிடும். அந்தத் துணியையும் அவ்வப்போது துவையுங்கள், ஆனால் துணியை மிருதுவாக்கும் திரவத்தில் நனைக்காதீர்கள். அதன் பசை துணியில் தங்கி, அடுத்த முறை லென்ஸுக்கு வந்துவிடும்.

இப்படிக் கழுவியும் அரை நாளில் மீண்டும் ஈஷினால், லென்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாகத் திரண்டு உருண்டால் மேல்பூச்சு இருக்கிறது. தட்டையாகப் பரவினால் அது தேய்ந்துவிட்டது. இனி அடிக்கடி கழுவத்தான் வேண்டும்.

கோட்டிங் உரிவதும் வெடிப்பதும் வேறு கதை. மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கண்ணாடியை வைத்துவிட்டுப் போகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சூட்டில் பிளாஸ்டிக் லென்ஸ் விரிகிறது. மேலேயுள்ள ஆக்சைடு அடுக்கோ அதில் சிறு பங்குகூட விரியாது. இழுவை தாங்காமல், வற்றிய ஏரியின் தரைபோல வலைவலையாக வெடிக்கிறது. வீட்டுக்கு வந்து பார்ப்பவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும், கீறல் என்று நினைத்துத் தேய்ப்பார். விளக்கில் சாய்த்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: கீறல் என்றால் ஒரு திசையில் ஓடும் தனித்தனிக் கோடுகள் இருக்கும், இந்த வெடிப்பு லென்ஸ் முழுக்கப் பின்னிக் கிடக்கும், நகத்துக்குப் பெரும்பாலும் தட்டுப்படாது. அடுப்பின் அனல், ஹேர் டிரையர், கொதிநீர் எல்லாம் இதே வேலையைச் செய்யும். அமோனியா கலந்த ஜன்னல் துடைப்பான், பிளீச்சிங், நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் ஆகியவை கோட்டிங்கையும், சில வகை லென்ஸில் பிளாஸ்டிக்கையுமே கெடுக்கும்.

வெடித்த கோட்டிங்கை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. பற்பசையும் சமையல் சோடாவும் தேய்த்தால் மிச்சமிருப்பதும் சுரண்டப்படும். ஆனால் வெடிப்பே இல்லாமல், வாங்கிய சில மாதங்களில் ஓரத்திலிருந்து திட்டுத்திட்டாக உரிந்தால், தயாரிப்பிலேயே கோட்டிங் சரியாகப் பிடிக்காமல் போயிருக்கலாம். அப்போது பில்லோடு கடைக்குப் போய், அவர்கள் எதிரிலேயே விளக்கில் சாய்த்து அந்த வெள்ளைத் திட்டைக் காட்டி, லென்ஸை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.