ஒரே பாறை, இரண்டு எல்லைகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கிளைட் கழிமுகத்துக்குள் கிரேட் கம்ப்ரே என்றொரு சிறிய தீவு இருக்கிறது. அதன் தென்கரையில் உள்ள ஊர் மில்போர்ட். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே கடல் ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும். நீர் வற்றிய நேரத்தில் பாறைக்கரையைப் பார்த்தால், யாரோ தூரிகையால் இழுத்ததைப் போலக் கிடைமட்டமான பட்டைகள் தெரியும். உச்சியில் கறுப்பு லைக்கன், அதற்குக் கீழே சாம்பல் வெள்ளையாகச் சொரசொரப்பான பட்டை, இன்னும் கீழே பழுப்புக் கடல்பாசிகள்.

அந்தச் சாம்பல் வெள்ளைப் பட்டை முழுக்கக் கொட்டலசுகள். படகின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு, கரையேற்றிச் சுரண்டினால்தான் போகிறதே, அதே இனம்தான். பார்க்கச் சிப்பிபோல இருந்தாலும் இவை நண்டு, இறாலுக்கு உறவு. குஞ்சாக இருக்கும்போது நீரில் மிதந்து திரியும். ஓர் இடத்தைத் தேர்ந்து தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்ட பிறகு, சாகும்வரை நகராது. தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளால் கோட்டை கட்டிக்கொண்டு, நீர் மூடியிருக்கும்போது மட்டும் கால்களை வெளியே நீட்டி இரை பிடிக்கும்.

கூர்ந்து பார்த்தால் அந்தப் பட்டையே இரண்டாகப் பிரிந்திருக்கும். மேல் பகுதியில் இருப்பது சைத்தமலஸ் என்ற சிறிய வகை. கீழே அகலமான பகுதியில் இருப்பது பாலனஸ் என்ற பெரிய வகை. நடுவில் குறுகிய இடத்தில் இரண்டும் கலந்திருக்கும். ஒரே பாறை, ஒரே கடல், ஒரே உணவு. அப்படியிருக்க, எல்லைக்கோடு எதனால் விழுந்தது?

கரைக்குப் போகும் மாணவர்கள் இதற்கு எழுதும் வழக்கமான பதில், ‘சைத்தமலஸ் வறண்ட இடத்தை விரும்புகிறது’ என்பது. அந்தப் பதில் தவறு. அது தவறு என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் கடற்கரை உயிரியலில் நான் மிகவும் மதிக்கும் கதை.

முதலில், பட்டைகளை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். ஏற்றக்கோட்டிலிருந்து வற்றக்கோடு வரை பாறைமீது ஓர் அளவு நாடாவை நேராக விரிப்பார்கள். இதற்கு டிரான்செக்ட் என்று பெயர். நாடாவை ஒட்டி, குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒரு சதுரச் சட்டத்தை வைத்து அதற்குள் இருப்பவற்றை எண்ணுவார்கள். கொட்டலசுக்கு 10 செ.மீ. சட்டமே போதும். பாசியை எண்ண முடியாது, எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று விழுக்காட்டில் எழுத வேண்டும். பாசியைத் தூக்கிப் பார்த்து அதன் அடியில் இருப்பதையும் கணக்கிட்டால் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும். அது பிழையல்ல, பாறைமீது உயிர்கள் அடுக்கடுக்காக வாழ்கின்றன என்பதற்கான அடையாளம். 100-க்குள் அடங்க வேண்டுமே என்று அந்த எண்களைத் திருத்துவதுதான் பிழை.

பெரும்பாலான அறிக்கைகள் கெட்டுப்போவது வேறோர் இடத்தில். நாடா காட்டுவது தூரத்தை. உயிரினத்துக்குத் தேவை உயரம், அதாவது ஒரு நாளில் எவ்வளவு நேரம் அது நீருக்கு வெளியே கிடக்கிறது என்பது. ஒரு சரிவான பாறையில் பாலனஸின் மேல் எல்லை நாடாவில் 14 மீட்டரிலும், பக்கத்துச் செங்குத்துப் பாறையில் 4 மீட்டரிலும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்தை வைத்து வரைபடம் போட்டால் இரண்டும் வேறு வேறு கரைகள்போலத் தெரியும். உயரத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கலாம். மாற்றுவது கடினமல்ல. கொத்தனார்கள் தரைமட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர் நிறைத்த குழாயையும் அளவு குறித்த இரண்டு கம்புகளையும் கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே உள்ள உயர வேறுபாட்டை எடுத்துவிடலாம். அன்றைய வற்றத்தின் உயரம் ஓத அட்டவணையில் இருக்கும். வற்றத்தின் அடிப்புள்ளியில் நீர் நின்ற இடத்தை அந்த உயரமாகக் கொண்டு மேலே கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், யார் எங்கே இருக்கிறார் என்பது மட்டுமே கையில் கிடைக்கும். ஏன் அங்கே இருக்கிறார் என்று டிரான்செக்ட் சொல்லாது. சைத்தமலஸ் கீழே இல்லாததற்கு மூன்று காரணங்களாவது இருக்கலாம்: நீரில் அதிக நேரம் மூழ்கியிருப்பது அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, கீழே உலவும் வேட்டை நத்தைகள் அதைத் தின்றுவிடுகின்றன, பாலனஸ் இடம் விடுவதில்லை. மூன்றுமே வரைபடத்தில் ஒரே மாதிரியான பட்டையைத்தான் கொடுக்கும்.

ஜோசஃப் கானெல் என்ற அமெரிக்கர் 1950-களில் மில்போர்ட் கரையில் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். அவருக்கு முதலில் உதவியது ஒரு சாதாரணக் கவனிப்பு. சைத்தமலஸின் குஞ்சுகள் மேலே மட்டும் ஒட்டுவதில்லை, பாலனஸின் பகுதிக்குள்ளும் வந்து ஒட்டுகின்றன. வளர்ந்தவைதான் அங்கே அரிது. ஆகவே அவை கீழே வராமல் இல்லை, வந்து சாகின்றன.

சைத்தமலஸ் ஒட்டியிருந்த கற்களைப் பல உயரங்களில் எடுத்துக்கொண்டார். சிலவற்றை மேலிருந்து பெயர்த்துக் கீழ்மட்டத்தில் பொருத்தினார். வசந்தத்தில் பாலனஸ் குஞ்சுகள் வந்து ஒட்டி முடிந்ததும் ஒவ்வொரு கல்லையும் மனத்தளவில் இரண்டு பாதியாகப் பிரித்தார். ஒரு பாதியில் சைத்தமலஸைத் தொட்டுக்கொண்டிருந்த பாலனஸ்களை எல்லாம் ஊசியால் அகற்றினார். மறுபாதியை அப்படியே விட்டார். பிறகு ஒவ்வொரு சைத்தமலஸின் இடத்தையும் படமாகக் குறித்துக்கொண்டு, அதே உயிர்களை ஓராண்டு காலம் திரும்பத் திரும்ப வந்து கணக்கெடுத்தார்.

ஒரே கல்லின் இரண்டு பாதிகள் என்பதில்தான் இந்தச் சோதனையின் வலிமை இருக்கிறது. வெயில், அலை, மூழ்கும் நேரம், கல்லைப் பெயர்த்ததால் வந்த அதிர்ச்சி எல்லாமே இரண்டு பாதிக்கும் பொது. வேறுபாடு பாலனஸ் மட்டுமே. ஆகவே முடிவில் தெரியும் வேறுபாட்டுக்கும் அதுவே பொறுப்பு.

பாலனஸை அகற்றிய பாதிகளில் சைத்தமலஸ் எல்லா உயரங்களிலும் நன்றாகவே வாழ்ந்தது. நீண்ட நேரம் மூழ்கியிருந்தது அதைக் கொல்லவில்லை. அகற்றாத பாதிகளில் பெருமளவில் செத்தது. எப்படிச் செத்தது என்பதையும் கானெல் பார்த்தார். வேகமாக வளரும் பாலனஸ், சில இடங்களில் சைத்தமலஸ்மீது ஏறி மூடியது. சில இடங்களில் அதன் அடியில் தன் ஓட்டின் விளிம்பை நுழைத்துப் பாறையிலிருந்து நெம்பித் தூக்கியது. சில இடங்களில் பக்கவாட்டில் நெருக்கி நசுக்கியது. பாலனஸ் வேகமாக வளரும் பருவமும் சைத்தமலஸ் அதிகம் சாகும் பருவமும் ஒன்றாகவே இருந்தன. தப்பிப் பிழைத்தவையும் குறுகிப்போயிருந்தன. உடல் சிறுத்தால் குஞ்சுகளும் குறைவு. நத்தை இதற்குக் காரணமா என்று பார்க்கச் சில கற்களைக் கம்பிவலைக் கூண்டால் மூடினார். சைத்தமலஸின் நிலையில் பெரிய மாற்றமில்லை. சொல்லப்போனால் நத்தை பாலனஸைத் தின்று நெருக்கடியைச் சற்றுத் தணித்தது.

இது கீழ் எல்லையின் கதை. மேல் எல்லை வேறு விதம். பாலனஸ் இவ்வளவு வலியது என்றால் ஏன் உச்சிவரை ஏறிப் பிடிக்கவில்லை? அதன் குஞ்சுகளும் மேலே ஒட்டத்தான் செய்கின்றன. 1955-ஆம் ஆண்டின் வசந்தம் வழக்கத்தைவிட வெப்பமாகவும் கடல் அமைதியாகவும் இருந்தபோது, மேல்மட்டத்துப் பாலனஸ் குஞ்சுகள் காய்ந்து செத்தன. அதே இடத்துச் சைத்தமலஸ் தாங்கிக்கொண்டது. வறட்சியைத் தாங்கும் திறன்தான் சைத்தமலஸின் உடைமை. வறண்ட இடத்தை அது விரும்பவில்லை. மற்றவர் வர முடியாத இடம் என்பதால் அங்கே மிஞ்சியிருக்கிறது. அது வாழக்கூடிய இடம் பெரியது, வாழ்கிற இடம் சிறியது.

இதே தீவில் ஷான்பெக், நார்ட்டன் என்ற இருவர் 1970-களில் பழுப்புப் பாசிகளை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது, சாவு எப்போது வருகிறது என்பது. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கடல் குறைவாகவே ஏறும். மேல்மட்டப் பாசிகளை நீர் நாட்கணக்கில் தொடாமல் போகும். அந்த நாட்களும் வெயிலும் ஒன்றுசேர்ந்தால், பட்டையின் மேல் விளிம்பில் இருக்கும் பாசிகள் சில வாரங்களில் நிறம் மாறி அழுகும். எல்லையைத் தீர்மானிப்பது ஆண்டின் சராசரி வெப்பம் அல்ல, இப்படிப்பட்ட சில கெட்ட நாட்கள். கீழ் எல்லையில் இங்கும் போட்டிதான்: உச்சியில் வளரும் பெல்வீஷியா, அடுத்த பட்டையின் ஃபியூகஸ் பாசியை அகற்றிய இடத்தில் கீழிறங்கி வளர்ந்தது.

அதனால் ‘மேல் எல்லைக்குத் தாங்குதிறன், கீழ் எல்லைக்குப் போட்டி’ என்று சூத்திரமாக மனப்பாடம் செய்துகொள்வதும் ஆபத்து. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், மக்கா விரிகுடாவில், ராபர்ட் பெய்ன் 1960-களில் நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து அகற்றினார். அதுவரை மேலேயே நின்றிருந்த சிப்பிப் பட்டை கீழ்நோக்கிப் பரவியது. அங்கே கீழ் எல்லையை வகுத்தது போட்டியாளர் அல்ல, வேட்டையாடி. அலை மோதும் முனைகளில் நீர்த்திவலை மேலே தெறிப்பதால் பட்டைகள் முழுவதுமே மேல்நோக்கி ஏறிவிடும். நம் கன்னியாகுமரி, முட்டம் பாறைகளில் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டரை ஒட்டித்தான். அங்கே பட்டைகள் நெருங்கி ஒடுங்கியிருக்கும், மீட்டருக்கு ஒரு சட்டம் வைத்தால் ஒரு பட்டை முழுதாகத் தவறிவிடும்.

ஒரே நாளில் கரைக்குப் போய்வந்து அறிக்கை எழுதுபவருக்குக் கானெலைப்போல ஓராண்டு கிடைக்காது. ஆனால் தடயங்கள் கிடைக்கும். பட்டையின் மேல் விளிம்பில் சிறிய வெற்று ஓடுகள் பாறையோடு ஒட்டியபடியே கிடந்தால், உலர்ந்து செத்திருக்கலாம். கலப்புப் பகுதியில் சைத்தமலஸின் ஓடு சாய்ந்தோ, பாலனஸின் விளிம்புக்கு அடியில் சிக்கியோ இருந்தால், போட்டிக்கு அது நேரடிச் சான்று. ஒவ்வொரு சட்டத்திலும் குஞ்சையும் வளர்ந்ததையும் தனித்தனியாக எண்ண வேண்டும்; சைத்தமலஸ் இலையுதிர் காலத்தை ஒட்டி ஒட்டுவதால், அக்டோபரில் கீழே நிறைய குஞ்சுகளைப் பார்த்தவரும் அடுத்த ஜூலையில் ஒன்றையும் பார்க்காதவரும் ஒரே கரையைப் பற்றி இரண்டு விதமாக எழுதுவார்கள். ஆகவே தேதி, ஓத உயரம், அலைத்தாக்கம் மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முடிவுரையில், ‘பாலனஸின் மேல் எல்லை 2.6 மீட்டரில் இருந்தது’ என்று உறுதியாக எழுதலாம், அளந்தது அதைத்தான். ‘போட்டியால் சைத்தமலஸ் கீழே இல்லை’ என்று எழுத, நெம்பப்பட்ட ஓடுகளை எண்ணிய கணக்கோ பாலனஸை அகற்றிப் பார்த்த கல்லோ வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ‘மில்போர்ட்டில் சோதித்துக் கண்டதோடு இந்தப் பரவல் ஒத்துப்போகிறது’ என்பதுவரைதான் எழுத முடியும்.