உஷார்! ஜெர்மனியில் கார் ஓட்டப் போகிறீர்களா? இல்லாத பலகையைப் படியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் எங்கள் வீட்டுக்கு அக்கா மகன் வந்திருந்தான். அடுத்த மாதம் ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேரப் போகிறான். "மாமா, அந்த ஊர் டிராஃபிக் போர்டு எல்லாத்தையும் தமிழ்ல மாத்தி வச்சிட்டேன், பாருங்க" என்று போனை நீட்டினான். அங்கே சில வருஷம் கார் ஓட்டியவன் நான். பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கியது.

மஞ்சள் நிறத்தில் ஒரு பலகை. அதன் கீழே "ஊரின் பெயர்" என்று எழுதியிருந்தான். மொழிபெயர்ப்பு சரிதான், ஆனால் அந்தப் பலகை வேக வரம்பும் கூட. அதைத் தாண்டிய நொடியிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர்தான். எண் எதுவும் எழுதியிருக்காது. ஊர் எல்லையில் அதே பெயரைச் சிவப்புக் கோடு அடித்து வைத்திருப்பார்கள். அதன் பிறகு சாதாரணச் சாலையில் 100 வரை போகலாம்.

இன்னொரு பலகையில் 'வெர்க்டாக்ஸ், 7 முதல் 18 மணி' என்று இருந்தது. வண்டி நிறுத்தத் தடைப் பலகையின் கீழே தொங்கும் சின்னத் தகடு அது. "வேலை நாட்களில்" என்று எழுதியிருந்தான். "அப்போ சனிக்கிழமை நிறுத்தலாம்ல மாமா?" என்றான். கூடாது. ஜெர்மனியில் அந்தச் சொல்லுக்குள் சனிக்கிழமையும் அடக்கம். ஐ.டி. கம்பெனியில் வாரம் ஐந்து நாள் வேலை பார்த்துப் பழகிய நம் பிள்ளைகள் நேராகப் போய் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

இவற்றுக்காவது பலகை என்று ஒன்று இருக்கிறது. பெரிய ஆபத்து, பலகையே இல்லாத சந்திப்பில்தான். சிக்னலோ, மஞ்சள் வைரப் பலகையோ, தலைகீழ் முக்கோணப் பலகையோ, நிறுத்தப் பலகையோ இல்லாத முனையில் வலப்பக்கம் இருந்து வரும் வண்டிக்கே முதல் உரிமை. அது ஒரு சந்திலிருந்து வந்தாலும் சரி, நீங்கள் அகலமான தெருவில் நேராகப் போனாலும் சரி. நம் நாட்டு 1989-ஆம் வருஷத்துச் சாலை விதியிலும் பிரதான சாலை அல்லாத சந்திப்பில் வலப்பக்க வண்டிக்கு வழிவிடச் சொல்லியிருந்தது. நம் தெரு முனைகளில் யார் அதைப் பார்க்கிறார்கள்? பெரிய வண்டி முந்திக்கொள்ளும், சின்னது ஒதுங்கும். அந்தப் பழக்கத்தோடு 30 கிலோமீட்டர் மண்டலத்துக்குள் போனால் கதை கந்தல். அந்த மண்டலப் பலகையை நுழைவில் ஒருமுறைதான் வைப்பார்கள். உள்ளே முனைக்கு முனை இந்த வலப்பக்க விதிதான் பெரும்பாலும். நிறுத்தியிருக்கும் கார்கள் வலப்பக்கத்தை மறைத்திருக்கும். பிரேக் மேல் காலை வைத்து, எட்டிப் பார்த்துத்தான் நகர வேண்டும். வலப்பக்கம் இருப்பது ஒரு வீட்டு வாசல் பாதையாகவோ, தாழ்த்திய நடைபாதை விளிம்பைத் தாண்டி வருவதாகவோ இருந்தால் அந்த வண்டிதான் நிற்க வேண்டும்.

ஜெர்மன் லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வில் இந்த வலப்பக்க விதியே வந்து கழுத்தைப் பிடிக்கும். மொத்தம் 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 முதல் 5 வரை பிழைப் புள்ளி. 10 வரை தாங்கும். ஆனால் 5 புள்ளிக் கேள்வி இரண்டு தப்பானால், கூட்டினால் 10தான் வந்தாலும், தோல்விதான். வழியுரிமைக் கேள்விகள் பெரும்பாலும் அந்த 5 புள்ளி வகை. ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று விடைகள் சரியாக இருக்கலாம். ஒன்றை டிக் செய்யாமல் விட்டாலும் அந்தக் கேள்வி போச்சு. ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழிலோ இந்தியிலோ முடியாது. தோற்றால் மறுபடி எழுத இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும்.

போன வருஷம் பாஸான நண்பர் அனுப்பிய கேள்வித் தொகுப்பு பி.டி.எஃப்.பை அக்கா மகன் பத்திரமாக வைத்திருந்தான். அதை அழிக்கச் சொன்னேன். கேள்வித் தொகுப்பை ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறார்கள். தேர்வு நாளன்று நடப்பில் இருக்கும் தொகுப்பில்தான் படிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு நோட்டையும் மாற்றி எழுத வைத்தேன். பலகையின் பெயருக்குப் பதிலாக மூன்று விஷயம்: நான் என்ன செய்ய வேண்டும், எதுவரை, இந்தப் பலகை இல்லாவிட்டால் என்ன விதி. மஞ்சள் வைரத்துக்கு எதிரே எழுதினான்: "எனக்கு முதல் உரிமை, கறுப்புக் கோடு போட்ட வைரமோ, தலைகீழ் முக்கோணமோ, நிறுத்தப் பலகையோ வரும்வரை, இல்லாவிட்டால் வலப்பக்கம் பார்."

கடைசியாக அவன் கேட்டதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. "ஆர்.டி.ஓ.வில் வாங்கின இன்டர்நேஷனல் பெர்மிட் ஒரு வருஷம் இருக்கே, தேர்வு மெதுவா எழுதிக்கலாம்ல?" கூடாது. அங்கே குடியேறிய நாளிலிருந்து 6 மாதம்தான் இந்திய லைசென்ஸ் செல்லும். பெர்மிட்டில் என்ன தேதி அச்சிட்டிருந்தாலும் அந்த 6 மாதம் நீளாது. அதற்குப் பிறகு ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகக் குற்ற வழக்கு வரும். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாய வகுப்பு கிடையாது. கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சி, விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாம் உண்டு. ஒவ்வொன்றும் வாரக் கணக்கில் இழுக்கும். விமானம் இறங்கி முகவரியைப் பதிந்த வாரமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். அவன் போய் இறங்கியதும் போன் போட்டு அதைத்தான் முதலில் கேட்பேன்.