விலையைச் சொல், நெருக்காதே

பேப்பர் கப் விற்பவர் ஒருவர், முன்பின் அறியாத டீக்கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "சார், சூப்பர் ஆஃபர்! இன்று மட்டும்! உடனே கூப்பிடுங்கள்!" இதில் அவசரம் இருக்கிறது, விலை இல்லை.

இதை மென்மையாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும், "ஐந்து நிமிடம் பேசலாமா?" என்று மாற்றுகிறார்கள். அது இன்னும் மோசம். என்ன சரக்கு என்று தெரிந்துகொள்ளவே கடைக்காரர் தன் நேரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கெடுவையும் கட்டளையையும் எடுத்துவிட்டு, விவரத்தைக் கூட்டுவதே சரியான வழி:

"வணக்கம் அண்ணாச்சி. பேப்பர் கப் தயாரிக்கிறோம். 100 மில்லி கப், ஆயிரம் 450 ரூபாய். குறைந்தது 5,000 எடுக்க வேண்டும். இரண்டு நாளில் கடைக்கே வரும். சாம்பிள் வேண்டுமானால் 'சரி' என்று அனுப்புங்கள். தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள், மறுபடி எழுத மாட்டோம்."

குறைந்தபட்ச அளவை மறைக்காதது முக்கியம். தினம் நூறு டீ விற்பவர் 5,000 கப் கட்டாது என்று அங்கேயே முடிவெடுத்துவிடுவார். இருவருக்கும் அலைச்சல் மிச்சம்.

கடைசி வரியில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே ஆக வேண்டும். பலர் தடுத்தாலோ புகார் செய்தாலோ, அந்த எண்ணை வாட்ஸ்அப் முடக்கவும் கூடும்.