போல்ட் ஓரிடம், ஒழுகுவது வேறிடம்

மொட்டை மாடியில் சோலார் பேனல் நிறுத்த வருகிறவர்கள் பல வீடுகளில் செய்வது இதுதான். இரும்புக் காலின் அடித்தகட்டைத் தட்டோட்டின் மேல் வைத்து, நான்கு மூலையிலும் ட்ரில் போட்டு, நான்கு அங்குல ஆங்கர் போல்ட்டை அடித்து முடுக்குவார்கள். சுற்றிலும் சிலிகான் பசையைத் தடவிவிட்டு அடுத்த காலுக்குப் போய்விடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஒழுகல் தெரிய ஓரிரு மழைக்காலம் ஆகும்.

அந்த போல்ட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். தமிழ்நாட்டு வீட்டு மாடியில் நம் காலில் படுவது கான்கிரீட் இல்லை. மேலே முக்கால் அங்குலத் தட்டோடு. அதன் கீழே சுமார் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி. அதற்கும் கீழேதான் நாலரை, ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம். நான்கு அங்குல போல்ட்டில் அடித்தகட்டுக்கும் நட்டுக்கும் போக மீதியைக் கணக்கிட்டால், அதன் நுனி கான்கிரீட்டைத் தொட்டிருந்தாலே பெரிது. இறுகப் பிடிக்க வேண்டிய பகுதி முழுவதும் சுர்க்கிக்குள் நிற்கிறது. சுர்க்கி வெயிலைத் தடுக்கவும் தண்ணீர் வாட்டம் கொடுக்கவும் போடப்பட்டது. போல்ட்டைப் பிடிக்கும் வலு அதற்குக் கிடையாது.

காற்று அடிக்கும்போதெல்லாம் பேனல் மெல்ல அதிரும், போல்ட் ஓட்டைக்குள் அசையும். சிலிகானுக்கும் ஓட்டுக்கும் இடையே முடியளவு இடைவெளி விழும். தூசி படிந்த ஓட்டின் மேல் தடவிய பசை என்றால் அது இன்னும் சீக்கிரம் விட்டுவிடும். அந்த இடைவெளி வழியே இறங்கும் மழைநீரைச் சுர்க்கி பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பிறகு அந்தத் தண்ணீர் வாட்டத்தின் போக்கிலேயே பக்கவாட்டில் நகர்ந்து, கான்கிரீட்டில் எங்கே விரிசல் இருக்கிறதோ, எங்கே ஃபேன் கொக்கிக்கோ மின்குழாய்க்கோ இடம் விட்டிருக்கிறதோ அங்கே இறங்குகிறது. படுக்கையறைக்கு மேல் போட்ட போல்ட்டுக்கு ஹாலில் சொட்டுவது இதனால்தான். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டைப் பெயர்த்துப் பூசிவிட்டு, அடுத்த மழையிலும் ஒழுகுகிறதே என்று கொத்தனாரைத் திட்டுவதும் இதனால்தான்.

இப்படிப்பட்ட ஒழுகலுக்கு ஓர் அடையாளம் உண்டு. மழை தொடங்கிய உடனே சொட்டாது. மழை விட்டு இரண்டு மூன்று நாள் ஆன பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும். உட்கூரையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு உப்பு பூக்கும். சுர்க்கி குடித்த தண்ணீர் மெதுவாக வெளியேறுகிறது என்று இதற்குப் பொருள்.

அப்படியானால் துளையே போடாமல், கான்கிரீட் கட்டைகளை மாடியில் வைத்து அவற்றின் மேல் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். இங்கே காற்றின் கணக்கைப் பார்க்க வேண்டும். தாம்பரத்தில் ஒரு வீட்டில் 3 கிலோவாட் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஆறு பேனல், மொத்தப் பரப்பு ஏறக்குறைய 15 சதுர மீட்டர், ஆறு கால்கள். பேனலும் சட்டமும் சேர்ந்து சுமார் 350 கிலோ. ஒரு அடி நீள, அகல, உயரக் கட்டை ஒன்று 65 கிலோ வரும், ஆறுக்கு 390. ஆக எல்லாம் சேர்ந்து 740 கிலோ. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ அழுத்தம் தரும். மொத்தப் பரப்புக்கு 700 கிலோ. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் இந்த வேகத்தைத் தாண்டியே வீசியது. கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகமோ விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், அந்த வேகத்தில் தூக்கும் விசை இரண்டு டன்னைத் தாண்டிவிடும். சாய்வு, உயரம், கைப்பிடிச்சுவரின் மறைப்பு இவற்றைப் பொறுத்து இந்தத் தோராயக் கணக்கு கூடும், குறையும். ஆனாலும் வெறும் கட்டைகளை நம்ப முடியாது என்பது தெளிவு. இரண்டு டன் கான்கிரீட்டை மாடியில் ஏற்றிச் சமாளிப்பதும் சரியில்லை. நடமாட்டமுள்ள மாடிக்கு விதி ஒதுக்கும் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். கீழே புழங்குவதற்காக ஏழெட்டு அடி உயரத்தில் பேனலை நிறுத்துகிறவர்களுக்குக் காற்றின் நெம்பல் இன்னும் அதிகம்.

எனவே கால்கள் கான்கிரீட் தளத்தோடு பிணைந்தே ஆக வேண்டும். தண்ணீர் நிற்கிற மட்டத்தில் துளை இல்லாமல் அதைச் செய்வதுதான் வேலையின் நுணுக்கம். அடுத்த மாடிக்கென்று பில்லர் கம்பிகளை நீட்டி விட்டிருக்கும் வீடு என்றால் பாதி வேலை குறைவு. அந்தக் கம்பிகளைச் சேர்த்தே கட்டையை வார்த்துவிடலாம். பாரமும் நேராகப் பில்லருக்குப் போய்விடும்.

மற்ற இடங்களில் கால் வரும் இடத்தைக் குறித்து, ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஓட்டையும் சுர்க்கியையும் வெட்டி எடுத்துக் கான்கிரீட்டை வெளியே கொண்டுவர வேண்டும். கூடுமானவரை அந்த இடம் பீமுக்கு மேலோ சுவருக்கு மேலோ இருக்கட்டும். தண்ணீர் ஓடும் பாதையை அடைக்காமல் இருக்கட்டும். கீழே ஃபேனும் விளக்கும் எங்கே என்று பார்த்து, தளத்துக்குள் மின்குழாய் போகும் கோட்டைத் தவிர்க்க வேண்டும். பிறகு நான்கு துளை, மூன்று அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல். ட்ரில் பிட்டில் டேப் சுற்றி வைத்துக்கொண்டால் ஆழம் மீறாது. துளைக்குள் இருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் தேய்த்து ஊதி எடுப்பதை யாரும் மதிப்பதில்லை. தூசி இருந்தால் கெமிக்கல் ஆங்கர் பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. பசையைச் செலுத்திப் பத்து மில்லிமீட்டர் முறுக்குக் கம்பிகளை நட்டு, இறுகியதும் கான்கிரீட் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சிமெண்ட் பால் பூசி, ஒரு அடிச் சதுரக் கட்டையை வார்க்க வேண்டும். ஓட்டு மட்டத்துக்கு மேல் குறைந்தது ஒன்பது அங்குலம் அது எழும்ப வேண்டும். பேனல் காலுக்கான போல்ட் இந்தக் கட்டையின் தலையில், வார்க்கும்போதே பதிக்கப்படுகிறது. மாடியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் போல்ட்டை எட்டாது. ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வைக்க வேண்டும்.

கட்டையைச் சுற்றி வெட்டிய பள்ளத்தை மூடும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். முதலில் கான்கிரீட் மட்டத்திலேயே கட்டையும் தளமும் சேரும் மூலையில் இரண்டு அங்குலச் சரிவாகக் கலவை பூசி, அதன் மேல் பாலிமர் கலந்த நீர்த்தடுப்புப் பூச்சை ஃபைபர் வலை வைத்து இரண்டு கை அடிக்க வேண்டும். பிறகு சுர்க்கியும் ஓடும் போட்டு, ஓட்டு மட்டத்திலும் அதே சரிவையும் பூச்சையும் இன்னொரு முறை செய்து, கட்டையின் மேல் ஆறு அங்குலம் ஏற்றி, ஓட்டின் மேல் ஒரு அடி பரப்ப வேண்டும். மாடி முழுவதற்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கும் எண்ணமிருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். பூச்சு சில ஆண்டுகளில் மறுபடி அடிக்க வேண்டியது. பேனலோ இருபத்தைந்து ஆண்டு நிற்கும். அதனால் பேனலின் தாழ்ந்த ஓரத்துக்குக் கீழே பிரஷ்ஷோடு கை நுழைய ஒரு அடியாவது இடம் வேண்டும்.

பேனல் ஏற்றுவதற்கு முன் மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, ஓரங்குலத் தண்ணீரை இரண்டு நாள் தேக்கிக் கீழே உட்கூரையைப் பாருங்கள். ஏற்கெனவே ஓட்டில் போல்ட் அடித்துவிட்ட வீட்டிலும் கோடையில் இதையே செய்யலாம். ஒவ்வொரு காலையும் சுற்றிச் சின்ன மண்வரப்பு கட்டி, ஒரு காலை முழுதாகப் பார்த்து முடித்த பிறகு அடுத்ததற்குப் போனால் எந்தக் கால் ஒழுக்குகிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் சிலிகான் தடவ யாரையும் விடாதீர்கள். சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, அந்தக் காலைக் கழற்றி, கட்டை வார்த்து மறுபடி நிறுத்துவதுதான் வழி.

மரக்கட்டைகளின் மேல் செங்கலை அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே கம்பி நடக் கான்கிரீட்டே இல்லை. சுமை தாங்கும் சுவர்களின் மேல் இரும்பு உத்தரம் கிடத்தி, சட்டம் மாடித் தளத்தைத் தொடாமலே நிற்கும்படி ஒரு கட்டடப் பொறியாளரைக் கொண்டு வடிவமைக்க வேண்டும்.